பத்து வினாடியில் ஆடிய கப்பல்

நான் சீஃப் ஆபீசராக இருந்த ஒரு ஜூலை மாதம், தென்கொரியாவின் போஹாங் துறைமுகத்தில் எஃகுச் சுருள்கள் ஏற்றினோம். வளைகுடாவுக்குப் போக வேண்டிய சரக்கு. கப்பலின் அகலம் 23 மீட்டர். சரக்கோடும் எரிபொருளோடும் சேர்த்து மொத்த எடை 20,400 டன். ஒரு சுருள் 14 டன் வரை இருக்கும். எல்லாவற்றையும் கீழ் ஹோல்ட் என்ற சரக்கறையின் அடித்தளத்தில் அடுக்கினேன். மேலே இருந்த இடைத்தளமான ட்வீன் டெக் முழுக்கக் காலி.

லோடிங் கம்ப்யூட்டர் ஜி.எம். 3.2 மீட்டர் என்றது. கப்பல் சாயும்போது தண்ணீர் அதைத் தாங்கும் விசையும் சாய்ந்த பக்கம் நகரும். அந்த விசை மேல்நோக்கிப் போகும் கோடு, கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடம்தான் மெட்டாசென்டர். அது எடை மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் ஜி.எம். அது மைனஸில் போனால் கப்பல் நேராக நிற்காது. விதிப்படி குறைந்தது 0.15 மீட்டர் இருந்தால் போதும். என்னிடம் 3.2 இருந்தது. திரையில் எல்லாம் பச்சை. கையெழுத்துப் போட்டேன்.

அந்த விதி கீழ் எல்லையை மட்டும்தான் சொல்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஜி.எம். கூடக் கூட, சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் விசையும் கூடும். கப்பல் வெடுக்கென்று நிமிரும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

T = 0.8 × B / √GM

23 மீட்டர் அகலத்தையும் 3.2 மீட்டர் ஜி.எம்-மையும் போட்டால் 10.3 வினாடி வரும். போஹாங்கிலேயே இதைப் போட்டுப் பார்த்திருக்கலாம். இலங்கையின் தென்முனை தாண்டி அரபிக்கடலுக்குள் வந்தபோது தென்மேற்குப் பருவக்காற்றின் அலை எங்கள் இடப்பக்கத்தில் நேராக மோதியது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 10 வினாடி. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவது போல, ஒவ்வோர் அலையும் சரியான தருணத்தில் தள்ளியது. இரண்டு பக்கமும் 20 பாகை வரை ஆடினோம்.

இரவு இரண்டு மணிக்கு மூன்றாம் ஹோல்டிலிருந்து ஒரு சத்தம். அப்புறம் தொடர்ச்சியாக இடி போல உருளும் சத்தம். ஆடிக்கொண்டிருக்கும்போது கப்பல் சாய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜுக்கு ஓடி, இருபது ஆட்டங்களுக்குச் சாய்மானியில் இரண்டு பக்க உச்சங்களையும் எழுதினேன். சராசரியாக இடப்பக்கம் 19, வலப்பக்கம் 21. அப்படியானால் நடுநிலை 1 பாகை வலப்பக்கம் நகர்ந்துவிட்டது.

"எவ்வளவு நகர்ந்திருக்கும்?" என்று கேட்டார் கேப்டன்.

"பத்து சுருள் இருக்கலாம் சார். எட்டு மீட்டர் உருண்டிருந்தால் கணக்கு ஒத்துவருகிறது."

நகர்ந்த எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி, அதைக் கப்பலின் மொத்த எடையையும் ஜி.எம்-மையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் சாய்வின் டேன்ஜென்ட் கிடைக்கும். 140 டன், 8 மீட்டர் என்று வைத்தால் சரியாக 1 பாகை. ஜி.எம். 0.8 மீட்டராக இருந்திருந்தால் அதே பத்து சுருளுக்குக் கிட்டத்தட்ட 4 பாகை சாய்ந்திருப்போம். ஆனால் அந்தக் கப்பலின் ஆட்ட நேரம் 20 வினாடிக்கு மேல் இருந்திருக்கும். அந்த அலையில் சுருள்களின் கட்டு அறுந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் கப்பல் கவிழும் ஆபத்தில் இல்லை. 14 டன் சுருள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கச் சுவரில் மோதுவதுதான் ஆபத்து. ஒரு தகடு கிழிந்தால் ஹோல்டுக்குள் கடல். கேப்டன் வேகத்தைக் குறைத்து, கப்பலை இடப்பக்கம் திருப்பி அலையை முன்மூலையில் வாங்கினார். அலை வந்து மோதும் இடைவெளி மாறியதும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. மாலுமிகளின் தலைவரான போசன், உள்ளே போய்க் கட்டிப் பார்க்கிறேன் என்றார். நான் விடவில்லை; உருளும் சுருளுக்கு முன்னால் மனிதன் நிற்கக் கூடாது. விடியும் வரை அரை மணிக்கு ஒருமுறை ஹோல்டின் அடியில் கசிவு நீர் சேரும் பில்ஜிலும், கப்பலைச் சமன்படுத்தத் தண்ணீர் நிரப்பும் பாலாஸ்ட் டாங்கியிலும் தண்ணீர் அளவு பார்த்தோம். கூடவில்லை.

வளைகுடாவில் ஹோல்டைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. இரண்டாம் அடுக்கு முழுதாக இல்லை. இரு ஓரங்களிலும் சுருள்கள், நடுவில் வெற்றிடம். இடப்பக்க வரிசையின் எஃகுப் பட்டைகள் அறுந்து, பத்து அல்ல, பதினொரு சுருள்கள் அந்த வெற்றிடம் வழியாக வலப்பக்கம் போயிருந்தன. நடுவில் இறுக்கமாக ஒரு பூட்டுச் சுருள் இறங்கியிருந்தால் வரிசை முழுதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பக்கச் சுவரைத் தாங்கும் எஃகு விலாக்களில் மூன்று வளைந்திருந்தன.

அடுத்த முறை அதே சரக்கு வந்தபோது 2,000 டன் சிறிய சுருள்களை ஏழு மீட்டர் மேலே, ட்வீன் டெக்கில் பரப்பினேன். அந்தத் தளம் சதுர மீட்டருக்குத் தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பதால் அதற்கு மேல் முடியவில்லை. ஜி.எம். 2.5-க்கு இறங்கியது. அதே கோணத்துக்கு ஆடினாலும் சரக்கைத் தள்ளும் உலுக்கல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கடலுக்கு வந்ததும் ஸ்டாப்வாட்சோடு நின்று பத்து ஆட்டங்களை எண்ணினேன். 117 வினாடி.