மோதல் பூஜ்யம் என்று காட்டிய மாடல்: பிம் செய்முறைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஆறு மாதம் பிம் படித்தேன், அதாவது கட்டடத்தை அதன் எல்லாப் பொருள்களோடும் கணினியில் முப்பரிமாண மாடலாக உருவாக்கும் முறையை. இயந்திரப் பொறியியல் முடித்திருந்ததால் ஏசி டக்ட் வரைவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வைத்த மாதிரித் தேர்வில், என் மாடலில் ஒரு பொருள் இன்னொன்றை இடிக்கும் மோதல் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் மீதி மூன்று வாரமும் போயிற்று. இதே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி ஒரு மருத்துவமனை நடைவழியைப் பற்றியது. அகலம் 2400 மி.மீ. தரையிலிருந்து பீமின் அடி 3000 உயரத்தில். ஃபால்ஸ் சீலிங் 2400 உயரத்தில். சீலிங் சட்டத்துக்கும் விளக்குக்கும் 100 போனால் 2500க்கு மேல்தான் நமக்கு இடம். நடைவழியின் நடுவில் நீளவாக்கில் 600 அகலம், 350 உயரமுள்ள டக்ட் ஓடுகிறது. அதன் அடி 2600 உயரத்தில். ஓர் அறையிலிருந்து எதிர் அறைக்குப் போகும் கேபிள் ட்ரே அதற்குக் கீழே குறுக்காகக் கடக்கிறது. அகலம் 300, உயரம் 50. அடி 2510, மேல் விளிம்பு 2560. இரண்டுக்கும் இடையே 40 மி.மீ. இருக்கிறது. மோதல்களைச் சோதிக்கும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் Clash Detective திறந்து, பொருள்கள் நேராக இடிக்கின்றனவா என்று பார்க்கும் Hard வகைச் சோதனையை, 10 மி.மீ.க்குக் குறைவான இடிப்பை விட்டுவிடும் டாலரன்ஸில் ஓட்டினேன். எதுவும் சிக்கவில்லை.

ஆசிரியர் ஒரு விளக்கமும் சொல்லாமல் பயிற்சி நிலைய நடைவழியில் ஏணியைப் போட்டு, சீலிங் ஓடு ஒன்றைத் தூக்கி, என்னை மேலே ஏறச் சொன்னார். உள்ளே டக்டைச் சுற்றி இன்சுலேஷன் இருந்தது. அதன் அடியில் ஓர் இரும்புச் சேனல். சேனலின் இரு முனையிலிருந்தும் கூரைக்குப் போகும் த்ரெட் ராடுகள். இவை சேர்ந்ததுதான் டக்டைச் சுமக்கும் தாங்கி. டேப்பை நீட்டி அளக்கச் சொன்னார். இன்சுலேஷன் 25, சேனல் 41. “தம்பி, இந்தச் சேனல் உன் மாடலில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். “போடவில்லை சார்” என்றேன். “அப்படியானால் மோதல் இல்லை என்று உன்னால் எப்படிச் சொல்ல முடிந்தது?”

கணக்கு எளிது. டக்டின் அடி 2600. இன்சுலேஷன் போனால் 2575. சேனல் போனால் 2534. ட்ரேயின் மேல் விளிம்போ 2560. சேனல் வரும் இடத்தில் 26 மி.மீ. மோதல், என் ட்ரே சரியாக அந்த இடத்தில்தான் கடந்தது. மென்பொருள் சொன்னதில் தவறில்லை. நான் கொடுக்காத பொருளோடு அது எதை மோதவிடும்?

எல்ஓடி என்று எண்ணால் குறிக்கும் மாடல் வளர்ச்சி நிலையை எனக்குப் புரியவைத்தது இந்த இடம்தான். அதுவரை படம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பதன் அளவு என்றே நினைத்திருந்தேன். அந்தப் பொருளின் அளவையும் இடத்தையும் எவ்வளவு நம்பி அடுத்தவர் வேலை செய்யலாம் என்பதையே அது சொல்கிறது. எல்ஓடி 300இல் டக்டின் அளவு, வடிவம், இடம் மூன்றும் வடிவமைப்பின்படி இருக்கும். தாங்கிகளுக்கும் இன்சுலேஷனுக்கும் இடம் ஒதுக்கியிருந்தால் போதும், அவற்றை வரைய வேண்டியதில்லை. 350இல் தாங்கிகளும், சுவரையும் தளத்தையும் துளைக்கும் இடங்களும், பக்கத்துப் பொருளோடு சேரும் விதமும் மாடலிலேயே இருக்க வேண்டும். 400 பட்டறையில் செய்வதற்கான விவரம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2008இல் வெளியிட்ட ஆவணத்தில் 350 என்ற படியே கிடையாது. ஒருங்கிணைப்புக்கு 300 போதவில்லை என்பதால் 2013இல் பிம்ஃபோரம் என்ற அமைப்பு தன் விவரக்குறிப்பில் அதைச் சேர்த்தது. எல்ஓடி ஒவ்வொரு பொருளுக்கும் உரியது, முழு மாடலுக்கும் உரியது அன்று. நெருக்கடியான நடைவழியில் டக்ட் 350இல் இருக்கட்டும். அறைக்குள் இருக்கும் கிரில் 300இல் இருந்தால் குறையொன்றுமில்லை.

என் இரண்டாவது தவறு வேறு வகை. ட்ரேக்கு மேல் கேபிள் போட 150 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று கேள்வித்தாளிலேயே இருந்தது. Hard சோதனைக்கு அது தெரியாது. Clearance வகையில் 150 என்று கொடுத்து டக்டுக்கும் ட்ரேக்கும் மட்டும் தனியாக ஒரு சோதனை ஓட்டியிருந்தால், 300 நிலை மாடலிலேயே அந்த 40 மி.மீ. பிடிபட்டிருக்கும்.

சரி, யார் நகர்வது? சரிவோடு போகும் கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதை யாரும் தொடக்கூடாது. அடுத்த மரியாதை பெரிய டக்டுக்கு. ட்ரே வளையக்கூடியது, ஆகவே அதுதான் வழிவிட வேண்டும். கூரைத் தளத்தின் அடி 3450இல் இருப்பதால் இரண்டு பீம்களுக்கு நடுவே 450 மி.மீ. பள்ளம் சும்மா கிடக்கிறது. ஓர பீமுக்குக் கீழே அடி 2800, மேல் விளிம்பு 2850 என்ற உயரத்தில் ட்ரேயை நுழைத்தேன். பீமின் அடிவரை 150 கிடைத்தது. பிறகு 300 ஆரமுள்ள இரண்டு 45 பாகை வளைவுகளால் ட்ரேயின் அடியை 3050க்கு ஏற்றினேன். அந்த ஏற்றத்துக்குக் கிடைவாக்கில் 500 மி.மீ. தேவை, டக்டின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே, த்ரெட் ராடு போக, ஏறக்குறைய 800 இருக்கிறது. இன்சுலேஷனோடு டக்டின் தலை 2975. ஆகவே 75 மி.மீ. விட்டு மேலே கடந்து மறுபக்கம் இறங்கிவிடலாம். ட்ரேக்கு மேலே தளம்வரை 350 இருப்பதால் கேபிள் போடவும் கை போகும்.

இப்போது சோதனையை மறுபடி ஓட்டினால் புதிய மோதல் ஒன்று வந்தது: ட்ரேயும் த்ரெட் ராடும். தாங்கிகளை வரைந்திருந்ததால்தான் இது தெரிந்தது. தாங்கிகள் 2000 இடைவெளியில் இருந்தன, அனுமதி 2400. அந்த ஒரு தாங்கியை 400 நகர்த்தினேன். ஒரு பக்கம் 2400, மறு பக்கம் 1600. வரம்புக்குள் முடிந்தது. கன்னியக்கோயிலுக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவே பஸ்ஸில் உட்கார்ந்து இப்படிப்பட்ட உயரக் கழித்தல்களை நோட்டில் போட்டுப் பார்ப்பேன். தேர்வறையில் மாடலைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள். எங்கே இடிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மோதல் எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று பாருங்கள். டாலரன்ஸை 30 ஆக்கினால் என்னுடைய அந்த 26 மி.மீ. மோதல் மறைந்துவிடும், ட்ரே அங்கேயே இருக்கும். மாடலை வரையும் ரெவிட்டில் Current View என்று தேர்ந்து ஏற்றுமதி செய்யும்போது அந்தக் காட்சியில் இன்சுலேஷன் மறைந்திருந்தால் நேவிஸ்வொர்க்ஸுக்குப் போகும் `.nwc` கோப்பில் அது வராது. ஏற்கெனவே பிடித்த மோதல்கள் மறு ஓட்டத்தில் கிடைக்காவிட்டால் நேவிஸ்வொர்க்ஸ் தானாகவே Resolved என்று குறித்துவிடும். சரிசெய்ததால் போனதா, பொருளே வராததால் போனதா என்று அது பிரித்துச் சொல்லாது. இறுதித் தேர்வில் மறு ஓட்டத்துக்குப் பின் இன்சுலேஷன் மோதல்களின் பட்டியல் Resolved என்று மொத்தமாக மாறியது. உடனே Selection Tree திறந்து தேடினேன். இன்சுலேஷன் அங்கே இல்லவே இல்லை. காட்சியில் அதை மீண்டும் தெரியவைத்து ஏற்றுமதி செய்து ஓட்டியபோது ஏழு மோதல்கள் திரும்பி வந்தன. அந்த ஏழையும் சரிசெய்து அறிக்கையைக் கொடுக்க எனக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.