நான்கு விடையிலும் உங்கள் விடை இல்லையென்றால்

கணக்கைப் போட்டு முடித்தாயிற்று, 10 ஜூல் வருகிறது. கொடுத்திருக்கும் நான்கு விடைகளிலும் 10 இல்லை. சிலர் அரை மணி நேரம் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சிலர் 'கேள்வியே தப்பு' என்று வட்டம் போட்டுத் தாண்டிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். எங்கே பிழை விழுந்தது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்த நான்கு விடைகளுக்குள்ளேயே இருக்கும்.

அதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். பயிற்சித்தாளில் 'விடை இல்லை' என்று தோன்றும் கேள்விகளில் பெரும்பாலானவை நம் கவனக்குறைவில்தான் முடியும். கேள்வியை விரல் வைத்து ஒருமுறை படியுங்கள். 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று படித்திருக்கலாம். செ.மீ.யை மீட்டராக மாற்றாமல் விட்டிருக்கலாம். விடை வேறு உருவில் நிற்கலாம்: உங்களுக்கு 1/√2 வந்திருக்கும், தாளில் √2/2 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். உங்கள் விடை 49, தாளில் 50 என்றால் அது அச்சுப்பிழை ஆகாது. நீங்கள் g-க்கு 9.8 போட்டீர்கள், கேள்வி எழுதியவர் 10 போட்டார், அவ்வளவுதான். இரண்டு சதவீத வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

இதெல்லாம் இல்லையென்று ஆன பிறகு, உங்கள் விடைக்கும் தாளில் உள்ள விடைகளுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். நீட் பயிற்சித்தாள்களில் வரக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

'2 mF மின்தேக்குத்திறன் கொண்ட மின்தேக்கி 100 V-க்கு மின்னேற்றப்படுகிறது. சேமிக்கப்படும் ஆற்றல்: (அ) 0.0001 J (ஆ) 0.01 J (இ) 0.02 J (ஈ) 0.0002 J.'

½CV² போட்டால் ½ × 2 × 10⁻³ × 10⁴ = 10 J. தாளில் இல்லை. 10-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1000. ஆயிரம் என்று பார்த்தவுடனே m-ஐச் சந்தேகப்பட வேண்டும். அது மில்லியா, மைக்ரோவா? μF என்று வைத்துப் போட்டால் 0.01 J, அதாவது (ஆ).

ஒரு விடை பொருந்தியதோடு நிறுத்திவிடாதீர்கள். மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். நல்ல கேள்வியில் தவறான விடைகளைச் சும்மா எழுதி வைக்கமாட்டார்கள். மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறுகளைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மைக்ரோ என்று வைத்துக்கொண்டு ½-ஐ மறந்தால் 0.02 வருகிறது, அது (இ). ½-ஐப் போட்டு V-ஐ வர்க்கப்படுத்த மறந்தால் 0.0001, அது (அ). இரண்டையும் மறந்தால் 0.0002, அது (ஈ). நான்கும் மைக்ரோவுக்குத்தான் பொருந்துகின்றன, மில்லிக்கு ஒன்றுகூட இல்லை. இனி இதை அச்சுப்பிழை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு சகஜம் என்றால், பழைய வேர்டு கோப்புகளில் கிரேக்க எழுத்துகளைச் 'சிம்பல்' எழுத்துருவில் அடிப்பார்கள். அந்த எழுத்துருவில் m விசையைத் தட்டினால்தான் μ வரும். கோப்பை வேறு கணினியில் திறந்தோ, வேறு தாளில் ஒட்டியோ எழுத்துரு மாறிவிட்டால் அடியில் இருந்த m வெளியே வந்துவிடும். θ இருந்த இடத்தில் q, λ இருந்த இடத்தில் l, π இருந்த இடத்தில் p, Ω இருந்த இடத்தில் W. வர்க்கமூலக் குறி Ö ஆகும், பெருக்கல் குறி ´ ஆகும். Ö-வைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், அதனால் ஆபத்தில்லை. m-உம் W-உம்தான் ஆபத்தானவை, ஏனென்றால் இரண்டும் உண்மையான அலகுகள். 'R = 10 W' என்று இருந்தால் மின்தடை எப்படி வாட்டில் இருக்கும் என்று ஒரு நொடி நின்று கேட்க வேண்டும். ஒரு தாளில் ஒரு கேள்வியில் q-வோ W-வோ இப்படித் தலைகாட்டினால் அந்தத் தாள் முழுக்க உள்ள m-களையும் சந்தேகத்தோடு பாருங்கள். எழுத்துரு போனால் ஒரு கேள்விக்கு மட்டும் போகாது.

மேலெழுத்து கீழே இறங்குவதும் இதே வகை. 10³ என்பது 103 ஆகிவிடும், 1.6 × 10⁻¹⁹ என்பது 1.6 × 10-19 ஆகும். இரண்டாவதை யாரும் புரிந்துகொள்வார்கள். முதலாவது ஏமாற்றும். '103 கிலோ நிறை' என்றால் இயல்பாகத்தான் தெரியும். 103-ஐ வைத்துப் போட்டு, தாளில் உள்ள விடை உங்களுடையதைவிட ஏறக்குறைய 9.7 மடங்காக இருந்தால் அது 1000-தான்.

மற்ற விகிதங்களுக்கும் இப்படி அடையாளம் உண்டு. 3.6 வந்தால் மணிக்குக் கிலோமீட்டரும் நொடிக்கு மீட்டரும் குழம்பியிருக்கின்றன. 2 வந்தால் ஆரமும் விட்டமும், பரப்பில் 4 வந்தாலும் அதே. ஆனால் ஒன்று, 2-உம் 4-உம் நம் கவனக்குறைவிலும் வரக்கூடியவை. விகிதம் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். தப்பு யாருடையது என்பதை மேலே பார்த்ததுபோல் மற்ற விடைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணிதத்தில் விகிதம் அவ்வளவாக உதவாது. அங்கே விடைகளைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். 'x² − 5x − 6 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள்: (அ) 2, 3 (ஆ) −2, 3 (இ) 1, 5 (ஈ) −2, −3.' உண்மையான மூலங்கள் 6, −1. தாளில் இல்லை. இப்போது (அ)-வைப் பிரதியிடுங்கள். x = 2 போட்டால் 4 − 10 − 6 = −12. x = 3 போட்டால் 9 − 15 − 6 = −12. இரண்டுக்கும் ஒரே எச்சம். மாறிலியில் 12 குறைகிறது என்று சமன்பாடே சொல்கிறது. −6-ஐ +6 ஆக்கினால் இரண்டும் பூஜ்ஜியம். (இ)-க்கு −10, −6 என்று வெவ்வேறு எச்சம் வரும், (ஈ)-க்கு 8, 18. அவற்றை மாறிலியை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. (ஆ)-வின் பெருக்கல் பலன் −6, அது மாறிலியோடு ஒத்துப்போகிறது. கூடுதல் 1. எனவே −5x என்பது −x ஆக இருந்திருந்தால் (ஆ) சரி. ஆக, இந்தக் கேள்வியை இரண்டு விதமாகத் திருத்தலாம். எது நடந்திருக்கும் என்று அச்சுக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸின் ஜெராக்ஸில் + குறியின் செங்குத்துக் கோடு மங்கி − ஆவது சாதாரணம். இல்லாத இடத்தில் 5 முளைப்பது அரிது. அதனால் (அ)-வுக்கே வாய்ப்பு அதிகம், ஆனாலும் இது ஊகம்தான். மின்தேக்கிக் கேள்வியில் இருந்த உறுதி இங்கே இல்லை. ஒரு குறியை மாற்றி ஒரே ஒரு விடை பொருந்தினால் நம்பலாம். இரண்டு மூன்று மாற்றம் செய்துதான் பொருந்துகிறது என்றால் நீங்கள் கேள்வியைத் திருத்தவில்லை, வளைக்கிறீர்கள்.

கேள்வி சரியாக இருந்து, பின்பக்க விடைக்குறிப்பு மட்டும் தவறாக இருப்பதும் உண்டு. தொடர்ந்து நான்கைந்து கேள்விகளுக்கு உங்கள் விடை ஒத்துவரவில்லையென்றால், 14-ஆம் கேள்விக்கான உங்கள் விடையை 15-ஆம் எண்ணுக்கு எதிரே உள்ளதோடு ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு கேள்வியை நீக்கியோ சேர்த்தோ இருப்பார்கள், குறிப்பைத் திருத்தியிருக்கமாட்டார்கள். எங்கிருந்து தள்ளிப்போகிறது என்று கண்டுபிடித்தால் மிச்சத்தை நம்பிப் பயன்படுத்தலாம்.

இத்தனைக்கும் ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்குள் தெளியவில்லையென்றால் உங்கள் விடையை ஓரத்தில் எழுதி, கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். தாளில் இல்லாத விடையை அடுத்தவரிடம் காட்டி ஒப்பிடும்போது, செய்முறையை மறைத்துவிட்டு அவரையும் தனியாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் படிகளைப் பார்த்தபடி போட்டால் உங்கள் தப்பையும் சேர்த்தே போடுவார்.

ஆசிரியரிடம் சொல்லும்போது 'சார், 14 தப்பு' என்றால் அவர் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். இப்படி எழுதிக் கொடுங்கள்: 'தாள் 6, கேள்வி 14. அச்சில் 2 mF. விடை 10 J, தாளில் இல்லை. μF என்றால் (ஆ) பொருந்துகிறது.' அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். உங்கள் தாளிலும் பழைய குறியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தத்தை எழுதுங்கள். தேர்வுக்கு முன் புரட்டும்போது எது அச்சு, எது உங்கள் திருத்தம் என்று தெரிய வேண்டும்.

உண்மையான தேர்வில் கணக்கு வேறு. நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம். சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிப்பு. தமிழ்வழி எழுதுபவர்களுக்கு வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். விடை வரவில்லையென்றால் முதலில் ஆங்கிலக் கேள்வியைப் பாருங்கள், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, ஆனால் அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கருணை மதிப்பெண்ணை நம்பி இருக்க முடியாது.

ஒரு கேள்வி நீக்கப்பட்டால், அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் தேர்வுக்கு வந்த எல்லோருக்கும் 4 மதிப்பெண். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரி என்று முடிவானால், அவற்றில் ஒன்றைக் குறித்தவருக்கு மட்டுமே 4. எனவே மின்தேக்கிக் கேள்விபோல் ஒரே குறி மாற்றத்தில் ஒரு விடை உறுதியாகப் பொருந்தினால் குறித்துவிடுங்கள். எதுவும் பொருந்தாத கேள்வியை வெறுமையாக விட்டால், அது நீக்கப்படும்போது உங்களுக்கு இழப்பில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்ற கழிப்பு இல்லாத தேர்வுகளில் வெறுமையாக விடவே கூடாது. அங்கே ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று (E) வட்டம் இருக்கும். அதை நிரப்புவதைவிட மிகக் குறைந்த மாற்றத்தில் பொருந்தும் விடையை நிரப்புவது மேல்.

தேர்வு முடிந்ததும் அந்தக் கேள்வியை எண்ணோடு எழுதி வையுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியானபின் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள்தான் கொடுப்பார்கள். நீட்டுக்கு அண்மை ஆண்டுகளில் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டணம், அது திரும்ப வராது. பாடநூல் பக்கத்தையும் முழுச் செய்முறையையும் சேர்த்து அனுப்புங்கள். 'விடை இல்லை' என்று மட்டும் எழுதினால் பணம் போனதுதான் மிச்சம்.