"டல்லா இருக்காங்க, சார்"

"பாட்டி ரெண்டு நாளா சரியா சாப்பிடல சார், கொஞ்சம் டல்லா இருக்காங்க, முடிஞ்சா வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போறீங்களா?" காலை 8 மணிக்கு டாக்டரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். காய்ச்சல் இருக்கா என்றார். 99.4 இருந்தது, "லேசா" என்றேன். பாராசிட்டமால் குடுங்க சிஸ்டர், நாளைக்கு வர்றேன் என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுத்திருக்கும் 82 வயதுக்காரரை யார் பார்த்தாலும் டல் என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து டாக்டருக்கு என்ன புரியும்? போன வாரம் வரை நான் உள்ளே நுழைந்ததும் "சாப்டியாடி" என்று கேட்டவர், அன்று தோளைத் தட்டினால்தான் கண்ணைத் திறந்தார். சொல்ல வேண்டியது அதுதான். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் பெரிதாக ஏறாமலேயே போகலாம், இந்த மந்தம்தான் முதலில் தெரியும். இது எனக்குத் தெரியாததா என்ன.

11 மணிக்கு யூரின் பையைப் பார்த்தேன். முந்தின இரவு 9 மணிக்குக் காலி செய்தது, 14 மணி நேரத்தில் 180 மில்லிதான், அதுவும் கலங்கலாக. டியூப் எங்கும் மடங்கவில்லை, அடிவயிறும் உப்பியிருக்கவில்லை, ஆக அடைப்பு மாதிரித் தெரியவில்லை, சிறுநீரே குறைவாகத்தான் வருகிறது. அப்புறம்தான் பிபி பார்த்தேன். எப்போதும் 140 இருப்பவருக்கு 96/60. நாடி 116, மூச்சு நிமிடத்துக்கு 26, சுகர் 150. ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை எப்போதும் எப்படி இருப்பார், இப்போது எப்படி இருக்கிறார் என்று வரிசையாகச் சொன்னேன், கதீட்டர் மாற்றி ஐந்து வாரம் ஆகிறது என்பதையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் வந்து என்ன பண்ணப் போறேன் சிஸ்டர், 108 கூப்பிடுங்க."

தெளிவாகச் சொன்னதால் கேட்டது கிடைக்காமல் போனது. நான் கேட்டது வீட்டுக்கு வரச் சொல்லி. அதுவும் பாட்டியின் மகன் சொல்லித்தான். போன தடவை ஐசியூவில் அம்மாவின் கையைக் கட்டிப் போட்டார்கள், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்றிருந்தார். பிபி கருவி காலையிலும் என் கைப்பையில்தான் இருந்தது. உடம்பு துடைத்துத் துணி மாற்றும் அவசரம், அதான் பார்க்கவில்லை. பொய் இல்லை. ஆனால் நம்பரைச் சொன்னால் டாக்டர் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் பார்க்காமல் விட்டேனோ என்ற கேள்வி போக மாட்டேன் என்கிறது. மூன்று மணி நேரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தொற்று ரத்தத்தில் கலந்த ஆளுக்கு மூன்று மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

பத்து நாள் கழித்துப் பாட்டி வீடு திரும்பினார், இடுப்புக்குக் கீழே புதிதாக ஒரு படுக்கைப் புண்ணோடு. டிரஸ்ஸிங் மாற்றும்போது மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லத்தானே சொன்னேன்" என்றார். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு கையிலேயே இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.