53 ஆம் இலக்கக் காசோலை

வெள்ளவத்தை அனெக்ஸுக்கு வாடகையாக, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதியிட்டு பன்னிரண்டு செக்குகள் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். ஒரு மாத முன்னறிவித்தல் எழுதிக் கொடுத்து, ஜூலை முடிவில் வெளியேறுவதாக ஏற்பாடு. மிச்சம் ஐந்தையும் திருப்பிக் கேட்டபோது வீட்டுக்காரர், "அலுமாரிக்குள்ள எங்கேயோ கிடக்குது தம்பி, கண்டா கிழிச்சுப் போடுறன்" என்றார். அதை நம்பி இருக்க மனம் வரவில்லை.

அந்த ஐந்து செக்குகளுக்கும் காசு கொடுப்பதை நிறுத்தச் சொல்ல வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். எழுத்தில் வேண்டும், கணக்குள்ள கிளைக்கு வாருங்கள் என்றார்கள். படிவத்தில் செக் இலக்கம், திகதி, தொகை, பெறுநர் பெயர் எல்லாம் கேட்டிருந்தது. அடிக்கட்டைகளில் பாதியை நான் நிரப்பவே இல்லை. முதல் செக்கின் இலக்கம் 41 இல் முடிந்தது நினைவிருந்ததால், ஓகஸ்ட் முதல் டிசம்பர் வரை 48–52 என்று விரல்விட்டு எண்ணி எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை வாங்கி வைத்துவிட்டு, "சரி, போட்டு விடுறம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, கையில் ஒரு அத்தாட்சியாவது இருக்கட்டும் என்று போய்க் கேட்டேன். அச்சடித்துத் தந்ததில் நான்கு இலக்கங்கள்தான் இருந்தன. "48 ஏற்கெனவே காசாகிட்டுது, அதான் எடுக்கேல்லை." இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை!

அங்கேயே நின்று கணக்குக் கூற்றைப் பார்த்தேன். ஜனவரி 41, பெப்ரவரி 42, மார்ச்சுக்கு 44. அப்போதுதான் நினைவு வந்தது: தொகையைப் பிழையாக எழுதி 43ஐக் கிழித்திருந்தேன். ஆகவே ஜூலை செக்தான் 48. நிறுத்த வேண்டியவை 49–53. டிசம்பருக்கான 53 திறந்தே கிடந்தது. வங்கியின் கணினி நிறுத்தத்தைச் செக் இலக்கத்தை வைத்துத்தான் பிடிக்கிறது. பெயரும் தொகையும் எவ்வளவு சரியாக இருந்தாலும் இலக்கம் பிழைத்தால் காசு போய்விடும். புதுப் படிவம் நிரப்பினேன். கட்டணம் செக் ஒன்றுக்கு இவ்வளவு என்பதால் இன்னொரு தடவையும் கட்டினேன்.

திகதிக்கு முன்பே போனது நல்லதாயிற்று. 2006 இலிருந்து வங்கிகளுக்கிடையே செக் தாளுக்குப் பதில் அதன் படம்தான் போகிறது. வைப்பிலிட்டால் பெரும்பாலும் அடுத்த வேலைநாளே காசு மாறிவிடும். பணம் போன பின்னர் நிறுத்தச் சொல்வதில் பயனில்லை. இன்னொன்று, நிறுத்தினால் கடன் அழிந்துவிடாது. வாடகை பாக்கி இருந்து நிறுத்தியிருந்தால் வீட்டுக்காரர் என்மேல் வழக்குப் போடலாம். அதனால் முன்னறிவித்தலின் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் செக்கைப் போட்டும்விட்டார்கள். 'வரைந்தவர் கொடுப்பனவை நிறுத்தியுள்ளார்' என்று திரும்பி வந்தது. வீட்டுக்காரரின் மகள் தெரியாமல் போட்டுவிட்டாளாம். அடுத்த வாரமே அலுமாரிக்குள் மிச்சம் நான்கும் அகப்பட்டுவிட்டன. கொண்டுவந்து தந்தார். மேலேயே இருந்தது 53.