மொட்டை மாடி பிளீச்சில் மிச்சம் எவ்வளவு?

ஒருவழியாக எண்கள் ஒத்துவந்துவிட்டன. போன கோடையிலிருந்து மாடிப்படி ஓரம் கிடந்த பிளீச் கேன், புதிதாக வாங்கியது, இரண்டையும் அயோடின் டைட்ரேஷனில் பார்த்தேன்.

முறை வழக்கமானதுதான். பிளீச்சில் மிச்சமிருக்கும் குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும், அந்த அயோடினைத் தீர்க்க எவ்வளவு தயோசல்பேட் செலவானது என்று பார்த்தால் குளோரின் அளவு தெரியும். பிளீச்சைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 10 மி.லி. (அதாவது 1 மி.லி. அசல் பிளீச்), 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு, கடைசியாக நிறமில்லாத வினிகர் 10 மி.லி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அயோடைடு இல்லாத பிளீச்சில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். பிளீச் கெடும்போது அதில் குளோரேட் சேரும். வலுவான அமிலத்தில் அதுவும் அயோடினை விடுவித்து, செத்த பிளீச்சை உயிரோடு இருப்பதாகக் காட்டிவிடும். வினிகரில் அந்தத் தொல்லை இல்லை.

பியூரெட் வாங்கவில்லை. 0.1 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டு பாட்டிலில் ஊற்றி, முன்னும் பின்னும் 0.01 கிராம் தராசில் எடை போட்டேன். இந்தக் கரைசலில் கிராமும் மி.லி.யும் ஏறக்குறைய ஒன்றுதான். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் பியூரெட் கோட்டைப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்!

உயிரை வாங்கிய இடம் ஸ்டார்ச். பழுப்பு நிறம் குறைந்து குறைந்து வைக்கோல் மஞ்சளாகும் வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் விட வேண்டும். முதலிலேயே விட்டால் நிறைய அயோடின் ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொள்ளும். கருநீலம் லேசில் விடாது. அழுக்குப் பச்சையாக இழுத்தடிக்கும், எந்தச் சொட்டில் முடிந்தது என்றே தெரியாது. சரியான நேரத்தில் விட்டால் ஒரே சொட்டில் நீலம் பளிச்சென்று மறையும். அடியில் வெள்ளைத் தாள் வைத்தால் வைக்கோல் நிறம் ஏமாற்றாது. சில நிமிடம் கழித்து நீலம் திரும்பினால் அது காற்றின் வேலை, கணக்கில் சேர்க்க வேண்டாம். ஸ்டார்ச்சுக்கு உப்பு போடாத வடிகஞ்சியின் தெளிவே போதும், அன்றன்று எடுத்தது.

கணக்கு: 0.1 நார்மல் தயோசல்பேட் 1 மி.லி.க்கு 3.546 மி.கி. குளோரின். புதிய கேன் 13.4 கிராம் தயோசல்பேட் கரைசலைக் குடித்தது, அதாவது 4.75 சதவீதம். லேபிளில் 5 என்று இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். பழையது 6.3 கிராம்தான், 2.2 சதவீதம். பாதிக்கும் கீழே. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 5 பி.பி.எம். வேண்டுமென்றால் புதியதில் 105 மி.லி. போதும், பழையதில் 224 மி.லி. ஊற்ற வேண்டும். ஆனால் குளோரேட்டும் சேர்ந்தே போகும் என்பதால் குடிநீர்த் தொட்டிக்கு வேண்டாம், பழைய கேன் கழிவறைக்குப் போய்விட்டது.

தயோசல்பேட்டை 500 கிராம் பொட்டலமாகத்தான் கொடுப்பேன் என்கிறார் கெமிக்கல் கடைக்காரர். எனக்கு ஒரு தடவைக்குத் தேவை 100 மி.லி.க்கு 2.48 கிராம்! படிகம் ஈரத்தை இழந்தால் எடைக் கணக்கு பிசகும் என்பதால் பொட்டாசியம் அயோடேட்டை வைத்து அதன் வலுவையும் சரிபார்க்க வேண்டும், அது இன்னும் பாக்கி. அலமாரியில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்றும் காத்திருக்கிறது. வினிகரில் அது அயோடைடோடு ரொம்ப மந்தமாக வினைபுரியும், அதற்கு பெர்மாங்கனேட்தான் தோது. ஸ்டார்ச்சே வேண்டாம், இளஞ்சிவப்பு நின்றால் முடிந்தது.