1852ஆம் ஆண்டின் இரண்டு நிமிடங்கள்

ஸ்கிரிப்டில் அந்தக் காட்சி அரைப் பக்கம்தான். பளிச்சென்ற ஊதா உடையில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள், ஸ்டாம்ப் ஒட்டுகிறாள், தோட்டம் வழியாகத் தெருவுக்கு வந்து சிவப்புத் தபால் பெட்டியில் போடுகிறாள். இடம் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம், காலம் 1852இன் வசந்தம். ஆடைப் பிரிவில் ஆராய்ச்சி உதவியாளராக நான் வேலை பார்த்த முதல் தொடர் அது. திரையில் இரண்டு நிமிடம் வரும் இந்தக் காட்சி எங்களுடைய ஐந்து வாரத்தை எடுத்துக்கொண்டது.

முதல் வேலை, காட்சியைப் பொருள் பொருளாகப் பிரித்து எழுதுவது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு ஆண்டுகள் குறிக்கச் சொன்னார் எங்கள் ஆடை வடிவமைப்பாளர். ஒன்று, அது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு. இன்னொன்று, கதையில் வரும் குடும்பத்தின் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கக்கூடிய ஆண்டு. இரண்டாவதுதான் முக்கியம். தையல் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கர் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல். அதற்காக மறு வருடமே ஒரு சிறு நகரத்துப் பெண்ணின் உடையில் இயந்திரத் தையல் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் உள்தையல்களை இயந்திரத்தில் போட்டோம். கேமராவுக்குத் தெரியும் கழுத்து, மணிக்கட்டு, முன்பக்க விளிம்பு எல்லாம் கைத்தையல். குளோசப்பில் ஒரே சீராக ஓடும் இயந்திரத் தையலைத் தைக்கத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முதுகில் ஜிப் வைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, கொக்கிதான்.

அடுத்தது நிறம். ரொம்ப நாள் இழுத்தது இதுதான். இயக்குநர் மனதில் இருந்தது கண்ணைப் பறிக்கும் ஊதா. அந்த ஊதா, வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் 1856இல் தற்செயலாகக் கண்டுபிடித்த சாயத்திலிருந்து வந்தது. மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது கிடைத்தது அது. 1858இல் விக்டோரியா மகாராணி தன் மகளின் திருமணத்துக்கு அந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு போனார், அப்புறம்தான் அது தெருவெங்கும் பரவியது. நம் கதாநாயகி அதற்கு ஆறு வருடம் முன்னால் இருக்கிறாள்.

அப்படியானால் 1852இல் ஊதாவே இல்லையா என்று இயக்குநர் கேட்டார். இருந்தது. பாறைகளில் படரும் லைக்கனிலிருந்து எடுத்த சாயமும் லாக்வுட் மரச் சாயமும் இருந்தன. ஆனால் லைக்கன் ஊதா வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். அந்தக் காலத்து உடை ஒன்றை ஓர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் பார்க்க அனுமதி கிடைத்தது. வெளியே பார்த்தால் மங்கிய பழுப்பு. பராமரிப்பாளர் கையுறை போட்ட விரலால் இடுப்புத் தையலை லேசாகப் பிரித்துக் காட்டினார். தையலுக்குள் மடிந்திருந்த அரை விரல் அகலத் துணியில், வெளிச்சமே படாத இடத்தில், சிவப்பு கலந்த ஆழமான ஊதா அப்படியே இருந்தது. பழைய உடையின் நிறத்தை அறிய வேண்டுமானால் மடிப்புக்குள் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். வெளிப்பக்கத்தைப் பார்த்து நகல் எடுப்பதால்தான் பல தொடர்களில் பழைய காலம் முழுவதும் பழுப்பாகவே இருக்கிறது. எங்கள் சாயக்காரர் அந்த மடிப்பு நிறத்துக்கு இணையாகப் பட்டுத் துணியை முக்கி எடுத்தார். நான்காவது முயற்சியில் ஒத்து வந்தது.

புகைப்படங்களை ஏன் நம்பவில்லை என்று சிலர் கேட்டார்கள். 1850களின் புகைப்படத் தகடுகள் நீல ஒளிக்குத்தான் நன்றாக வேலை செய்யும், சிவப்பும் மஞ்சளும் அவற்றில் சரியாகப் பதியாது. வெளிர்நீல உடை வெள்ளையாக விழும், மஞ்சள் உடை கிட்டத்தட்ட கறுப்பாக விழும். எங்களிடம் இருந்த ஒரு படத்தில் இருந்த பெண்ணை, துக்க உடையில் இருக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம். ஒரு மஞ்சள் பட்டுத் துண்டைப் படம் பிடித்துக் கணினியில் நீல நிற அடுக்கை மட்டும் தனியாகப் பார்த்தேன். அதே கறுப்பு. அவள் உடுத்தியிருந்தது கறுப்பா, மஞ்சளா, சிவப்பா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. தைப்பின் வடிவத்துக்குப் புகைப்படம் நல்ல சாட்சி, நிறத்துக்கு இல்லை.

தபால் பெட்டி விஷயம் ஒரே நாளில் முடிந்தது. பிரிட்டனின் பெருநிலத்தில் முதல் தெருவோரத் தபால் பெட்டி வந்ததே 1853இல்தான். அவை எங்கும் சிவப்பானது 1874க்குப் பிறகு. அதனால் அவள் தபால் நிலையக் கவுண்டரில் கொடுப்பதாக மாற்றி எழுதினார்கள். அங்கே அவளைத் தெரிந்த ஒரு பெரியவர் நிற்பதாகச் சேர்த்தார்கள், காட்சி முன்பைவிட நன்றாகவே வந்தது.

ஸ்டாம்பில் சறுக்கினோம். கலைப் பிரிவு விக்டோரியா காலத்து அசல் பென்னி ரெட் ஸ்டாம்பையே வாங்கி வந்திருந்தது. சோதனைப் படப்பிடிப்பைப் பெரிய திரையில் பார்த்தபோது அதன் ஓரத்தில் பற்கள் தெரிந்தன. பிரிட்டிஷ் ஸ்டாம்புகளுக்குத் துளையிட்டுப் பல் வைத்தது 1854இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் 240 ஸ்டாம்ப் கொண்ட தாளிலிருந்து கத்தரியால் வெட்டித்தான் எடுப்பார்கள். நான்கு மூலைகளையும் பார்த்தோம், நான்கிலும் எழுத்து. 1852இன் ஸ்டாம்பில் மேல் மூலைகளில் நட்சத்திரமும் கீழ் மூலைகளில் மட்டும் எழுத்தும் இருக்க வேண்டும். பொருள் உண்மையாகவே பழையது, ஆனால் கதைக்குப் பிறகு அச்சானது. சரியானதைத் தேடி வாங்கி மறுபடி எடுத்தோம். அதன் ஒரு பக்க ஓரம் அகலமாகவும் மறுபக்கம் ஒட்ட வெட்டியும் இருந்தது, யாரோ அவசரத்தில் கத்தரித்ததுபோல. அந்தக் கோணல் ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தொடர் ஒளிபரப்பானது. ஊதாவைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. ஸ்டாம்பைக் கவனித்து இரண்டு சேகரிப்பாளர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். மூன்றாவது கடிதம் ஒரு பறவை ஆர்வலருடையது. அவள் தோட்டத்தைக் கடக்கும்போது பின்னணியில் மூன்றசையில் ஒரு புறா கூவுகிறதே, அது கழுத்துப் பட்டைப் புறா, பிரிட்டனில் அது கூடு கட்ட ஆரம்பித்ததே 1955இல்தான் என்று எழுதியிருந்தார். போய்ப் போட்டுக் கேட்டேன், அவர் சொன்னது சரி. ஒலிப் பிரிவு இன்றைய தோட்டம் ஒன்றில் பதிவு செய்ததை அப்படியே சேர்த்திருந்தார்கள். நாங்கள் பிரித்த பட்டியலில் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் இருந்தது, காதுக்குக் கேட்பது ஒன்றுகூட இல்லை.

மறு ஒளிபரப்புக்கு முன் அந்த இடத்தில் மரப்புறாவின் குரலை வைத்தார்கள், அது காலங்காலமாக அங்கே இருக்கும் பறவை. அடுத்த தொடரின் பட்டியலில் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே ‘ஒலி’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். முதல் காட்சி ஒரு காடு. எந்தப் பறவை, எந்த மாதம் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.