வலது இடுப்பு: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 6, வியாழன், இரவு

இடுப்பு அறுவை முடிந்து மாலையில் அம்மாவை வார்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். முறிந்து விலகிய தொடை எலும்பின் பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் சிமெண்ட் வைத்து உலோகப் பந்தைப் பொருத்தியிருக்கிறார்கள். மாமா இன்னமும் புத்தூர் கட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகும்போது பந்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்களும் அறுந்துபோகும் என்பதால், 76 வயதில் அது கட்டுப் போட்டுக் கூடுகிற முறிவு அல்ல என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிய விதத்தில் சம்மதம் தெரியவில்லை.

பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்று குறிப்பேட்டில் இருக்கிறது. அப்படியானால் தசைகளும் மூட்டைச் சுற்றிய உறையும் குணமாகும் வரை இடுப்பு செங்கோணத்துக்கு மேல் மடங்கக் கூடாது, வலது கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகக் கூடாது, பாதம் உள்நோக்கித் திரும்பக் கூடாது. இம்மூன்றும் ஒன்றாகச் சேரும் கணத்தில்தான் பந்து பின்பக்கமாக நழுவுகிறது. இரு கால்களுக்கும் இடையே தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளும்படி தலையணை வைத்தேன். முழங்காலுக்குக் கீழே மட்டும் தலையணை வைக்க வந்த உறவினரைத் தடுக்க வேண்டியிருந்தது. அது சுகமாக இருப்பது உண்மைதான். ஆனால் முழங்காலின் பின்புறம் ஓடும் சிரையை அது அழுத்திக்கொண்டே இருக்கும், இடுப்பும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கெண்டைக்கால் முழுவதையும் மடித்த போர்வையின் மேல் ஏந்தி, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி விட்டேன், ஏனென்றால் தண்டுவட மயக்க மருந்தின் மரமரப்பில் குதிகால் புண்ணாவதை நோயாளியால் உணர முடியாது.

மரமரப்பு விட்டபின் வலது பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். பாதத்தைத் தூக்கும் நரம்புக்குச் சேதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் சாப்பிடப் போனேன்.

நவம்பர் 7, வெள்ளி

இன்றே உட்கார வைக்க வேண்டும் என்றதும் தம்பிக்கு முகம் மாறிவிட்டது. சிமெண்ட் வைத்துப் பொருத்திய பந்து முதல் நாளிலிருந்தே முழு எடையையும் தாங்கும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. படுத்தே கிடந்தால்தான் நுரையீரலில் சளி தேங்கும், சிரையில் இரத்தம் உறையும், தொடைத் தசை நாளுக்கு நாள் கரையும் என்று அவனுக்கு விளக்கினேன்.

அம்மாவின் எடை 44 கிலோ என்பதால் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையே போதுமானது. உட்கார வைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு அதைக் கொடுத்தேன். வலி ஏறிய பிறகு எழுப்பினால் அந்தப் பயம் மறுநாளும் கூடவே வரும். படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் 132/76 இருந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்த ஒரு நிமிடத்தில் 102/60 ஆகி, நெற்றி வியர்த்து, உதடு வெளுத்தது. மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் நிற்க வைப்பதில்லை என்பதால் உடனே படுக்க வைத்துவிட்டேன். ஹீமோகுளோபின் 8.9 இருப்பதையும், காலையிலிருந்து அவள் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை என்பதையும் பணியிலிருந்த மருத்துவரிடம் சொன்னபோது, அவர் சிரைவழி நீர் ஏற்றச் சொன்னார்.

மாலையில் உட்கார்ந்தபோது 118/70 இருந்தது. வாக்கரைப் பிடித்து நின்றாள். கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வரும்படி உயரத்தை முன்பே சரிசெய்து வைத்திருந்தோம். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, வலது காலை முன்னே நீட்டிக்கொண்டு கட்டிலை இரு கைகளாலும் ஊன்றித்தான் எழ வேண்டும். முன்னே குனிந்து எழுந்தால் இடுப்பு செங்கோணத்தைத் தாண்டிவிடும். "விழுந்துடுவேன் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

நவம்பர் 8, சனி

ஊசி மருந்தின் அளவைப் பற்றி எனக்குக் காலையிலிருந்தே ஒரு நெருடல் இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க எனாக்சபாரின் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது. பார்த்தால் பெரிய குறையாகத் தோன்றாத எண். ஆனால் மெலிந்த, வயதான உடலில் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறைவு, ஆகவே சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் நல்ல பிள்ளையாகவே நிற்கும். வயதை 140இலிருந்து கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினேன், சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 28 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. 30க்குக் கீழே போனால் இந்த மருந்து சரியாக வெளியேறாமல் உடலில் தேங்கி, உறைவைத் தடுப்பதற்குப் பதிலாக இரத்தக் கசிவை உண்டாக்கும். தாளில் கணக்கைப் போட்டு மருத்துவரிடம் காட்டினேன். அவர் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு 20 மில்லிகிராமாக மாற்றினார்.

முழங்காலுக்குக் கீழே முன்புறம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, இரு கெண்டைக்கால்களிலும் பேனாவால் கோடு போட்டு நாடாவால் அளந்தேன். கோடு போடாமல் அளந்தால் ஒவ்வொரு நாளும் வேறோர் இடத்தை அளப்போம். வலது 27.5, இடது 26.5.

நவம்பர் 9, ஞாயிறு

வார்டின் கதவு வரை நடந்தாள்: வாக்கர், வலது கால், பிறகு இடது கால்.

நவம்பர் 10, திங்கள்

வலது 29.5. இடது மாறவில்லை.

பெரியம்மா தைலப் பாட்டிலோடு வந்துவிட்டார். வீங்கிய காலை நீவிவிட்டால் இறங்கிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. உள்ளே உறைவு இருந்தால் நீவுகிற நீவலில் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக் கூடும் என்று சொன்னதற்கு, "நர்சு வேலைக்குப் போனா பெரியவங்க பேச்சு ஏறாது" என்றார். பாட்டிலை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பாதத்தை மேலே இழுத்தால் கெண்டைக்காலில் வலிக்கிறதா என்று பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சோதித்துக் காட்டினார். பழைய சோதனைதான், ஆனால் உறைவு இருந்தும் வலிக்காதவர்கள் உண்டு, இல்லாமலே வலிப்பவர்களும் உண்டு என்பதால் நான் அதை நம்புவதில்லை. நாடாவை நம்புகிறேன். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, நாடித்துடிப்பு காரணமில்லாமல் 100ஐத் தாண்டுகிறதா என்பவற்றை நம்புகிறேன். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. தூக்கம் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் வலது 30. வித்தியாசம் 3.5 ஆகிவிட்டது. அறுவை செய்த கால் ஓரளவு வீங்குவது இயல்பு என்பதை நூறு பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்தச் சமாதானம் போதாது. இரவு முழுவதும் கால் உயர்ந்தே இருந்தும் வீக்கம் இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். டாப்ளர் ஸ்கேன் எழுதினார்கள்.

தொடை இடுக்கிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை, கருவியால் சிரையை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார்கள். வெறும் சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும், உறைவு இருந்தால் அமுங்காது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அந்தக் கரிய வட்டம் மூடிக்கொண்டது. உறைவு இல்லை.

அம்மா, "என்ன பாப்பா, அழுவுறியா?" என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன்.

நவம்பர் 12, புதன்

பாலக்கோட்டுக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து ஊருக்குப் போய், நாடாவோடு வீட்டை அளந்துவிட்டு வந்தேன். அம்மாவின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவள் உட்காரும் எதுவும் அதைவிட ஐந்தாறு சென்டிமீட்டராவது உயர்ந்திருந்தால்தான் இடுப்பு முழங்காலைவிட மேலே நிற்கும். அவளுடைய கயிற்றுக் கட்டிலின் சட்டம் 44 இருக்கிறது. பார்வைக்குக் குறையில்லை. நான் உட்கார்ந்து பார்த்ததும் கயிறு தொய்ந்து 32க்கு இறங்கியது, முழங்கால்கள் மார்புக்கு வந்தன. அதைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டு, தம்பியின் மரக்கட்டிலுக்குக் கால்களின் கீழே மரக்கட்டைகள் வைத்து, மெத்தை அமுங்கிய பிறகு 46 வரும்படி செய்தோம். கட்டைகள் நகராதபடி ஆசாரி குழி வெட்டிக் கொடுத்தார்.

கழிப்பறை கொல்லையில், இரண்டு படி ஏறிப் போக வேண்டிய இடத்தில், குந்தி உட்காரும் வகையில் இருக்கிறது. குந்துவது என்பது இந்த இடுப்புக்கு இருப்பதிலேயே மோசமான நிலை. கம்மோடு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்றான் தம்பி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரவுக்கு மட்டும் கட்டிலருகே இருக்கட்டும், பகலில் அந்த நாற்காலியைக் கழிப்பறைப் பீங்கானின் மேல் போட்டு, அவள் நடந்தே போகட்டும். யாரும் சொல்லாமலே ஒரு நாளில் நான்கைந்து முறை நடக்க வைக்கிற காரணம் அது ஒன்றுதான். பயிற்சி என்று சொன்னால் அம்மா நடக்க மாட்டாள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவைக் கால் முதலில். ஒவ்வொரு முறையும் ஒருவர் உடன் நிற்க வேண்டும். சுவரில் கம்பி பொருத்தக் கொத்தனார் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 13, வியாழன்

கொத்தனார் வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். காரின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, கெட்டியான திண்டு போட்டு உயர்த்தி, முதலில் பின்புறமாக உட்கார வைத்து, பிறகு உடலும் கால்களும் ஒன்றாகத் திரும்பும்படி உள்ளே எடுத்தோம். வலது 29.

தம்பி மனைவிக்கு ஊசி போடக் கற்றுக் கொடுத்தேன். தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி, ஒரு நாள் வலம், மறுநாள் இடம். ஊசிக்குள் இருக்கும் சிறு காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது, போட்டபின் தேய்க்கவும் கூடாது. "நீங்க இருக்கறப்பவே ஒரு தடவ போட்டுப் பாக்கறேன் அண்ணி" என்றாள். கை நடுங்காமல் போட்டாள். மொத்தம் 35 நாள் என்பதால் டிசம்பர் 11 வரை நாட்காட்டியில் அவளே வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பல் ஈறில் இரத்தம், கருத்த மலம், பெரிதாகிக்கொண்டே போகிற கன்றல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த ஊசிக்கு முன் அவள் என்னிடம் பேச வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

தரையில் உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் களி இறங்காது என்று அம்மா அடம்பிடிக்கிறாள். மேசையில்தான் வைத்தோம். இரண்டு உருண்டை இறங்கியது.

நவம்பர் 18, செவ்வாய்

இரவு மூன்று மணிக்குப் பார்த்தபோது தலையணை கீழே கிடந்தது, வலது கால் இடது காலின் மேல் ஏறியிருந்தது. விளக்கைப் போட்டு, கால் குட்டையாகத் தெரிகிறதா, பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறதா, எடுத்து வைக்கும்போது அலறுகிறாளா என்று பார்த்தேன். மூன்றும் இல்லை. தூக்கத்தைக் கெடுத்ததற்குத் திட்டினாள். தலையணையைப் பழைய பருத்திப் புடவைத் துண்டால் இடது காலோடு தளர்வாகக் கட்டிவிட்டிருக்கிறேன். இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

வலது 28, இடது 26.5. நாளை தையல் பிரிக்கத் தருமபுரிக்குப் போக வேண்டும். காயத்தின் கீழ் முனையில் சிறு ஈரம் இருக்கிறது; தெளிந்த நீர்தான், சிவப்பும் சூடும் இல்லை, ஆனாலும் காட்டாமல் பிரிக்க விடக் கூடாது. எலும்பு மெலிவுக்கான மருந்தைப் பற்றியும் இந்த முறை கேட்டாக வேண்டும், நின்ற உயரத்திலிருந்து விழுந்தே முறிந்த எலும்பு என்பதால் மறு இடுப்பையும் அப்படியே விட்டுவிட முடியாது. சிறுநீரகக் கணக்கை அதற்கும் காட்ட வேண்டும், அந்தத் தாளைத் தம்பி எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. கொத்தனார் வந்து கம்பியைப் பொருத்திக்கொண்டிருக்கிறார், உயரம் கேட்கிறார்.